இரவுக் காவலரின் பதவி உயர்வு: ஒரு மறுப்பு

இரவுப் பணியில் இருக்கும் தனியார் பாதுகாப்புக் காவலர் ஒருவர், பகலில் உறங்க வேண்டிய நேரத்தைக் குறைத்துக்கொண்டு தீப்பாதுகாப்புப் பயிற்சி ஒன்றை முடித்துச் சான்றிதழ் பெறுகிறார் என்றும், அதை அறிந்த நிறுவனம் அவருக்கு மேற்பார்வையாளர் பதவி தர முன்வருகிறது என்றும் ஒரு கதை சொல்லப்பட்டால், கேட்பவர் அனைவரும் அதை மகிழ்ச்சியான முடிவுள்ள கதையாகவே ஏற்றுக்கொள்கின்றனர். உழைத்தவர் படித்தார், படித்தவர் உயர்ந்தார் என்பதற்கு மேல் அதில் ஆராய எதுவும் இல்லை என்பதே பொதுக்கருத்து. திறன் பயிற்சி தருவோர், பாதுகாப்பு நிறுவனங்களை நடத்துவோர், அந்நிறுவனங்களை அமர்த்திக்கொள்ளும் குடியிருப்புச் சங்கத்தினர் ஆகிய மூன்று தரப்பினரும் வேறு எதில் முரண்பட்டாலும் இதில் ஒத்துப்போகின்றனர். அந்தக் காவலரின் உழைப்பும் உயர்வுக்கு அவருக்கு உள்ள உரிமையும் இங்கு ஐயத்துக்கு உரியவை அல்ல. மறுக்கப்பட வேண்டியது, அப்பதவி அவர் கற்ற கல்விக்கான இயல்பான பயன் என்ற எண்ணம்தான். இன்று வழக்கமாக வழங்கப்படும் முறையில், அந்தப் பதவி உயர்வு தீப்பாதுகாப்பு அறிந்த ஒரே மனிதரை அவ்வறிவு தேவைப்படும் இடத்திலிருந்தும் நேரத்திலிருந்தும் அகற்றுகிறது. அவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் பணத்துக்கு ஈடாகப் பொறுப்பைச் சுமத்தி, அதிகாரத்தைத் தராமல் விடுகிறது.

பேச்சு பொதுப்படையாகப் போகாமலிருக்க, சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி எழுந்துள்ள குடியிருப்புகளைப் போன்ற, 14 மாடியும் ஓர் அடித்தள வாகன நிறுத்துமிடமும் கொண்ட கட்டடம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதில் வரும் காவலர் குறிப்பிட்ட ஒரு தனிமனிதர் அல்லர். அத்தொழிலில் இருக்கும் பலரின் நிலையிலிருந்து தொகுத்துக்கொண்ட மாதிரி. இரவு எட்டு மணிக்கு வந்து காலை எட்டு மணிக்குப் போகிறார். வாயிலில் ஒருவர், அடித்தளத்தில் ஒருவர், தரைத்தள முகப்பில் தீ எச்சரிக்கைப் பேனலுக்கு அருகே ஒருவர் என்று இரவில் மூவர் இருக்க, நமது காவலர் பேனலுக்கு அருகில் இருப்பவர். குடியிருப்போர் அவரைப் பெயரால் அறிவதில்லை. ‘செக்யூரிட்டி’ என்றோ ‘வாட்ச்மேன்’ என்றோ அழைப்பர்.

2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டமும், அதன் கீழ் மத்திய அரசு 2006இல் வெளியிட்ட மாதிரி விதிகளும், இத்தகைய காவலருக்கு வேலையில் அமர்த்தும் முன்பே 100 மணி நேர வகுப்புப் பயிற்சியும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் தர வேண்டும் என்கின்றன. தீயணைத்தல் அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. விதிப்படி நடந்திருந்தால் ஒவ்வொரு காவலரும் ஓரளவு அறிந்தவராகவே வந்திருப்பார். நேற்று ஊரிலிருந்து வந்தவர் இன்று சீருடை மாட்டி வாயிலில் நிற்பது புதுமையாகப் பார்க்கப்படாத தொழில் இது என்பதால்தான், ஒருவர் தம் சொந்தக் காசில் சான்றிதழ் பெறுவது செய்தியாகிறது. சட்டம் நிறுவனத்தின் மீது வைத்த கடமையைக் காவலர் தம் உறக்கத்திலிருந்து எடுத்துச் செலுத்தியிருக்கிறார் என்பதைப் பாராட்டுரைகள் மறைத்துவிடுகின்றன.

அவர் அப்படி என்னதான் கற்றிருப்பார் என்று கேட்காமல் இந்த வாதம் நகராது. தீப்பாதுகாப்புப் பயிற்சி என்றதும் எல்லோர் மனத்திலும் எழுவது சிவப்பு உருளையின் ஊசியை இழுத்துப் பிடியை அழுத்தும் காட்சி. படம் எடுத்துக்கொள்ளவும் அதுவே ஏற்றது. ஆறு கிலோ உலர்தூள் அணைப்பான் ஏறத்தாழ 15 முதல் 20 வினாடிக்குள் தீர்ந்துவிடும் என்பதும், கார்பன் டை ஆக்சைடு உருளையில் அழுத்தமானி இருக்காது, எடை போட்டுத்தான் அது நிறைந்திருக்கிறதா என்று அறிய வேண்டும் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியவையே. ஆயினும் உயர்ந்த கட்டடத்தின் இரவுக் காவலருக்கு அப்பயிற்சி தரும் மிகப் பெரிய பயன் பம்பு அறையைப் படிக்கக் கற்பதுதான்.

மாடிதோறும் ஏறிச் செல்லும், எப்போதும் நீர் நிரம்பி அழுத்தத்தில் இருக்கும் குழாயை ‘வெட் ரைசர்’ என்பர். ஒவ்வொரு மாடியிலும் தீயணைப்பாளர் குழலை மாட்டும் வால்வு இக்குழாயிலிருந்தே கிளைக்கிறது. இதன் அழுத்தத்தைக் காக்க மூன்று பம்புகள் உள்ளன. சிறு கசிவுகளால் குறையும் அழுத்தத்தை அவ்வப்போது ஈடுசெய்யும் சிறிய பம்பு ‘ஜாக்கி’. வால்வு திறக்கப்பட்டு அழுத்தம் சட்டென்று விழும்போது ஓடத் தொடங்குவது மெயின் பம்பு. மின்சாரம் இல்லாதபோது அதன் இடத்தை ஏற்பது டீசல் பம்பு. எடுத்துக்காட்டுக் கட்டடத்தில் ஜாக்கி சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோவில் தொடங்கி 8இல் நிற்கும்படியும், மெயின் பம்பு 6இலும் டீசல் பம்பு 5இலும் தாமே தொடங்கும்படியும் அமைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். பத்து மீட்டர் உயரம் ஏறுவதற்குத் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் செலவாகிறது. 14 மாடி என்றால் 40 மீட்டருக்கு மேல், அதாவது உச்சியை எட்டவே நான்கு கிலோவுக்கு மேல் போய்விடும். மிஞ்சுவதுதான் குழல் முனையில் பீய்ச்சும் வேகம். எனவே தரைத்தள அழுத்தமானியின் முள் 3இல் நின்றால், பத்தாம் மாடிக்கு மேல் வால்வைத் திறந்தவருக்குக் காற்றுதான் கிடைக்கும்.

முள் ஏன் 3இல் நிற்கிறது என்பதற்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு. எங்கோ ஒரு வால்வின் வளையம் தேய்ந்து நீர் கசிகிறது. ஜாக்கி பம்பு நாளுக்கு ஓரிரு முறை ஓடுவதற்குப் பதிலாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடுகிறது. அந்த இரைச்சல் முதல் மாடியில் இருப்பவரின் உறக்கத்தைக் கெடுக்க, அவர் புகார் செய்கிறார். பராமரிப்பாளர் கசிவைத் தேடுவதற்குப் பதிலாகப் பம்புப் பலகையில் ‘ஆட்டோ’வில் இருக்க வேண்டிய திருகியை ‘மேனுவல்’ பக்கம் திருப்பிவிடுகிறார். ஜாக்கி மட்டும் நின்றால் மெயின் பம்பும், அதுவும் நின்றால் டீசல் பம்பும் வந்து தொலைக்கும் என்பதால் அவற்றையும் திருப்புகிறார். புகார் தீர்ந்தது, கட்டடம் அமைதியானது, தீயணைப்பு அமைப்பு செத்துவிட்டது. ஆண்டுக்கொருமுறை சான்று புதுப்பிக்க வருவோர் பார்க்கும் நாளில் எல்லாத் திருகிகளும் ‘ஆட்டோ’வில்தான் இருக்கும். மற்ற நாட்களின் உண்மையைக் கண்டறிய, இரவில் ஒரு சுற்று நடந்து அழுத்தமானியையும் திருகிகளையும் டீசல் பம்பின் பேட்டரி விளக்கையும் பார்த்து நேரத்தோடு ஏட்டில் எழுதும் ஒருவர் தேவை. ஜாக்கி ஓடும் ஓசையைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பவருக்கு அது ஓடாமல்போன இரவும் தெரியும். பகல் நேர மேலாளருக்கு அது தெரிய வழியில்லை.

இனி தீ பற்றும் இரவைப் பார்க்கலாம். அதிகாலை இரண்டு மணி சுமாருக்கு அடித்தளத்தில் மின்னேற்றத்துக்கு விடப்பட்ட ஒரு மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி புகையத் தொடங்குகிறது. பேனலில் அடித்தளப் பகுதிக்குரிய சிவப்பு விளக்கு எரிந்து மணி ஒலிக்கிறது. பயிற்சி இல்லாதவரின் கை முதலில் போவது மணியை நிறுத்தும் பொத்தானுக்கு, அடுத்து ‘ரீசெட்’டுக்கு. இதை அவருடைய சோம்பல் என்று சொல்வது அநியாயம். உணர்கருவிக்குள் புகும் பூச்சியாலும் வண்டிப் புகையாலும் வாரத்தில் பல முறை பொய்யாக அலறும் பேனலும், அலறியதும் தொலைபேசியில் திட்டும் குடியிருப்போரும் சேர்ந்து அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. பயிற்சி பெற்றவர் மணியை ஒலிக்க விட்டு அடித்தளக் காவலரை நேரில் பார்க்கச் சொல்கிறார். புகை உறுதியானதும் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் 101ஐயோ 112ஐயோ அழைக்கிறார். உலர்தூள் அந்தப் பேட்டரியின் சுடரைத் தட்டி அமர்த்தினாலும் உள்ளே உள்ள வெப்பத்தைத் தணிக்காது, மறுபடி பற்றும் என்பதை அறிந்திருப்பதால், இரண்டு உருளைகளைத் தீர்த்துவிட்டு வென்றோம் என்று நின்றுவிடுவதில்லை. மின்னேற்றும் இணைப்பைப் பலகையில் துண்டிக்கிறார். லிஃப்டுகளைத் தரைத்தளத்துக்கு இறக்கி நிறுத்துகிறார். காற்றோட்டத்துக்காகச் செங்கல் வைத்துத் திறந்து விடப்பட்டிருக்கும் மாடிப்படிக் கதவை மூடுகிறார். தானாக மூடிக்கொள்ள வேண்டிய அந்தக் கதவு திறந்திருந்தால் அடித்தளப் புகைக்கு மாடிப்படியே புகைபோக்கியாகிவிடும். பின்பு மெயின் பம்பு ஓடுகிறதா என்று காதாலும் முள்ளாலும் சரிபார்த்து, வாயிலில் வண்டி நுழைய வழியை மறித்து நிற்கும் கார்களின் உரிமையாளரை எழுப்பி, வந்திறங்கும் தீயணைப்பு அலுவலரிடம் தீ எங்கே, உள்ளே யார், தொட்டியில் நீர் எவ்வளவு, வெளியிலிருந்து குழாய்க்கு நீர் ஏற்றும் இணைப்பு எங்கே என்ற நான்கையும் சொல்கிறார். இவை அனைத்தும் முதல் சில நிமிடங்களின் வேலைகள். கட்டடத்தை அறிந்தவர் அங்கேயே இருந்தால்தான் அந்த நிமிடங்களுக்குப் பயன் உண்டு.

2011 டிசம்பர் 9 அன்று அதிகாலையில் கொல்கத்தாவின் தாகுரியா பகுதியில் உள்ள ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் நிகழ்ந்தது இதற்கு நேர் எதிரான இரவு. வாகனங்கள் நிற்க வேண்டிய அடித்தளத்தில் எரியக்கூடிய பொருட்கள் குவிக்கப்பட்டிருந்தன. அங்கே பற்றிய தீ மாடிகளுக்கு ஏறவில்லை, புகை ஏறியது. கண்ணாடியால் அடைக்கப்பட்ட கட்டடத்தில் அது வெளியேற வழியின்றி நிறைந்தது. புகையைக் கண்டு ஓடிவந்த அக்கம்பக்கத்துக் குடிசைவாசிகளை வாயிற்காவலர்கள் திருப்பி அனுப்பினர் என்றும், தீயணைப்புத் துறைக்குத் தகவல் மிகத் தாமதமாகவே சென்றது என்றும் அப்போதே பரவலாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். பெரும்பாலோர் படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிகள், மூச்சுத்திணறி இறந்தவர்கள். அந்த இரவில் மருத்துவமனை நிர்வாகத்தில் மேற்பார்வையாளர்களுக்கும் அவர்களுக்கு மேற்பட்டோருக்கும் பஞ்சம் இருந்திருக்காது. வாயிலில் நின்றவருக்கு ‘அனுமதியின்றி யாரையும் விடாதே’ என்ற ஒரே கட்டளைதான் தெரிந்திருக்கும். எந்த நிலையில் அந்தக் கட்டளை செல்லாது என்று அவருக்கு எவரும் சொல்லித்தந்திருக்கமாட்டார். தமிழ்நாட்டில் 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது, லிஃப்டுக்குள் சிக்கியிருந்த குழந்தை உட்பட ஆறு பேர் உயிரிழந்தனர். தீயின்போது லிஃப்டை யாரும் பயன்படுத்தாதபடி தரைத்தளத்தில் நிறுத்துவது மேற்கண்ட வரிசையில் எவ்வளவு சிறிய வேலையாகத் தெரிகிறதோ, அதன் விலை அவ்வளவு பெரியது.

இத்தகைய அறிவைப் பெற்ற ஒருவருக்கு நிறுவனம் தருவதாகச் சொல்லும் பதவி என்ன வேலை? அத்தொழிலில் மேற்பார்வையாளர் என்ற பெயருக்கு இருவேறு பொருள்கள் நிலவுகின்றன. ஒரே பெரிய வளாகத்தில் இருந்து அங்குள்ள காவலர்களைக் கவனிப்பவர் ஒரு வகை. பைக்கில் இரவு முழுவதும் சுற்றிப் பல ‘சைட்’களைப் பார்ப்பவர் இன்னொரு வகை, இவரை ‘ஃபீல்டு ஆபீசர்’ என்றும் அழைப்பர். சிறிய, நடுத்தர நிறுவனங்களில் உயர்வு என்பது பெரும்பாலும் இரண்டாம் வகைக்குத்தான். அவருடைய இரவின் உண்மையான உள்ளடக்கம், யார் வரவில்லை, எந்தப் ‘பாயிண்ட்’ காலியாக இருக்கிறது, யாரை ‘ரிலீவ’ராக அனுப்புவது, பகல் வேலை முடித்தவரைக் கெஞ்சி ‘டபுள் டியூட்டி’ பார்க்க வைக்க முடியுமா என்பதே. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, உறங்குபவரைப் படமெடுத்து அலுவலகக் குழுவில் போடுதல், சீருடைக்கான பிடித்தம் குறித்த சண்டை ஆகியவை மீதி. பம்பு அறையின் சாவி அவர் கையில் இருப்பதில்லை.

கணக்கிட்டுப் பார்த்தால் இழப்பு இன்னும் தெளிவாகும். எட்டு கட்டடங்களை ஏற்றுப் பன்னிரண்டு மணி நேர இரவில் ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் நிற்பதாக, தாராளமாகவே கொள்வோம். ஒரு கட்டடத்தில் அவர் இருப்பது 720 நிமிடங்களில் 30 நிமிடம், இருபத்து நான்கில் ஒரு பங்கு. முன்பு தம் கட்டடத்தில் இரவு முழுவதும் இருந்தவர், இப்போது தீப்பிடிக்கும் நேரத்தில் அங்கே இருக்க வாய்ப்பு இருபத்து நான்கில் ஒன்று. அவர் விட்டுச்சென்ற நாற்காலியில் உட்காருபவர் பயிற்சி இல்லாத புதியவர். பதவி உயர்வுக்குப் பின் எட்டு கட்டடங்களில் எதுவும் முன்னைவிடப் பாதுகாப்பாகவில்லை, ஒன்று பாதுகாப்பை இழந்திருக்கிறது.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அறிந்தவர் மேலே போனால் தாம் அறிந்ததை எட்டு கட்டடங்களிலும் உள்ள இருபது முப்பது பேருக்குக் கற்பிப்பார், ஒருவரின் அறிவு பலரின் அறிவாகும் என்பர். கொள்கையளவில் இது சரி. சட்டமும் அப்படித்தான் கருதியது. மேற்சொன்ன 2006 மாதிரி விதிகள் 15 காவலர்களுக்கு மிகாமல் ஒரு மேற்பார்வையாளர் என்றும், காவலர்கள் வெவ்வேறு இடங்களில் பரவியிருந்து ஒருவரால் கவனிக்க இயலாத நிலையில் ஆறு பேருக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்றும் கூறுவதோடு, உதவுதலும் அறிவுரை தருதலும் மேற்பார்வையின் பகுதி என்று குறிப்பிடுகின்றன. ஆறு பேர் என்பது எடுத்துக்காட்டுக் கட்டடத்தைப் போல இரண்டின் இரவுக்காவல். அந்த அளவில் பணித்தால் அவர் ஒவ்வொருவரையும் பம்பு அறைக்கு அழைத்துச் சென்று திருகியைக் காட்ட முடியும், மாதம் ஒரு முறை மணி அடித்து ஒத்திகை பார்க்க முடியும். எட்டு கட்டடங்களில் 24 பேரை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கற்பித்தலைப் பற்றிப் பேசுவது, அதிலும் சில மாதங்களுக்கு ஒரு முறை ஆள் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலில் பேசுவது, செய்ய எண்ணமில்லாத ஒன்றைச் சொல்வதாகும். கற்பிப்பதற்கென்று ஒரு மணி நேரம்கூட அவருடைய பணிப்பட்டியலில் ஒதுக்கப்பட்டிராது.

பொறுப்பு பற்றிய கேள்வி இதைவிடக் கூர்மையானது. சான்றிதழ் பெற்ற ஒருவர் மேற்பார்வையில் இருந்தார் என்ற வரி, விபத்துக்குப் பின் நடக்கும் விசாரணையில் நிறுவனத்துக்கும் கட்டட உரிமையாளருக்கும் பயன்படும். ‘தகுதியானவரை நியமித்திருந்தோம்’ என்று சொல்லலாம். அந்தத் தகுதியானவருக்கோ, ‘மேனுவல்’ பக்கம் திருப்பப்பட்ட திருகியை மீண்டும் ‘ஆட்டோ’வுக்குக் கொண்டுவர அதிகாரம் இல்லை, அது பராமரிப்பு நிறுவனத்தின் வேலை, அடித்தளத்தில் மெத்தைகளையும் அட்டைப்பெட்டிகளையும் குவித்தவரை அகற்றச் சொல்ல அதிகாரம் இல்லை, அவர் குடியிருப்புச் சங்கத்தின் உறுப்பினர். எழுத்தில் அறிக்கை கொடுக்கலாம். கொடுத்தால், ‘வாடிக்கையாளரிடம் வம்பு வளர்க்கிறார்’ என்று அடுத்த மாதம் வேறு பகுதிக்கு மாற்றப்படுவார்.

தொழிலாளர் சட்டத்திலும் அவருடைய நிலை மாறக்கூடும் என்பதை வாழ்த்துச் சொல்வோர் எவரும் நினைவூட்டுவதில்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், 2010 திருத்தத்துக்குப் பின், மேற்பார்வைப் பணியில் இருந்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் பெறுபவரைத் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்கு வெளியே வைத்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு அந்த வரம்பை 18,000 ரூபாயாக்கியது. வரையறைக்கு வெளியே போனவர் வேலைநீக்கம் போன்றவற்றில் தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பைக் கோருவது கடினம். பட்டத்தைப் பார்க்காமல் உண்மையில் செய்யும் வேலையின் தன்மையைப் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் சொல்லியுள்ளன என்பது ஆறுதலே. ஆனால் அந்த ஆறுதலைப் பெற வழக்குத் தொடுக்க வேண்டும். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான ஊதிய வரம்பு 2017 முதல் 21,000 ரூபாயாக இருக்கிறது. உயர்வு அவரை அந்தக் கோட்டைச் சற்றே தாண்ட வைத்தால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் அவருடைய பங்களிப்பு நிற்கும், குடும்பத்தின் மருத்துவப் பாதுகாப்பும் பின்னர் போய்விடும். அதற்கு ஈடாகத் தனியார் காப்பீடு எடுத்தால் கூடுதல் ஊதியத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று அவர் ஒப்புக்கொள்ளும் முன்பே கூட்டிக்கழித்துப் பார்ப்பது நல்லது.

இத்தனையையும் கேட்டபின், அப்படியானால் அவர் பேனலுக்கு அருகிலேயே காவலராக இருக்க வேண்டுமா, கட்டடத்தின் பாதுகாப்புக்காக ஓர் ஏழை தம் உயர்வைத் துறக்க வேண்டுமா என்று கேட்பது நியாயம். அந்தக் கேள்வி எழுவதற்குக் காரணமான கட்டமைப்பைத்தான் பொதுக்கருத்து கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறது. பாதுகாப்பு ஒப்பந்தங்கள் தலைக்கணக்கில் எழுதப்படுகின்றன: காவலர் இத்தனை பேர், தலைக்கு இவ்வளவு; மேற்பார்வையாளர் ஒருவர், அவருக்கு இவ்வளவு. பயிற்சி பெற்ற காவலர் என்ற வரி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்க நிறுவனம் உண்மையிலேயே விரும்பினாலும், அவருடைய பெயரைக் காவலர் வரியிலிருந்து மேற்பார்வையாளர் வரிக்கு மாற்றுவதைத் தவிர அதற்கு வழி இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தால்தான் ஊதியம் உயரும் என்பது இயற்கை விதியன்று, விலைப்பட்டியலின் குறை. செவிலியர் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான பயிற்சி பெற்றால் அவரைப் படுக்கையருகிலிருந்து தூக்கி வருகைப்பதிவு எழுதும் மேசையில் உட்கார வைப்பதை எவரும் முன்னேற்றம் என்று சொல்லமாட்டார்.

சான்றிதழுக்கே உள்ள எல்லையையும் மறைக்க வேண்டியதில்லை. சில நாட்களில் முடியும் பயிற்சி ஒருவரைத் தீயணைப்பாளர் ஆக்கிவிடாது. சுவாசக் கருவி அணிந்து புகைக்குள் நுழைவதும், கதவைத் திறக்கும் முன் உள்ளிருக்கும் வெப்பத்தைக் கணிப்பதும் அதில் வராது. இதை உணராத சான்றிதழ்காரர் பயிற்சியற்றவரைவிட ஆபத்தானவராகலாம். தாமே அணைத்துவிடலாம் என்று பத்து நிமிடம் போராடிவிட்டுப் பிறகு தொலைபேசியைத் தேடுவார். எங்கோ ஒரு மைதானத்தில் தகரத் தட்டில் எரிந்த டீசலை அணைத்துக் கைதட்டல் வாங்கியவருக்கு இந்த மயக்கம் எளிதில் வரும். எனவே சான்றிதழைக் காட்டியதும் பதவி என்பதைப் போலவே, சான்றிதழைக் காட்டியதும் முழு நம்பிக்கை என்பதும் தவறு. ஒரு மாதம் அவர் எழுதிய இரவு ஏட்டைப் புரட்டினால் போதும். அழுத்தம் ஒவ்வொரு நாளும் ஒரே எண்ணாக எழுதப்பட்டிருந்தால் அவர் பம்பு அறைக்குப் போகவில்லை என்று பொருள், உண்மையான முள் சற்றேனும் அசையும்.

ஆகவே அந்தக் காவலர் முன் வைக்கப்பட வேண்டிய பதவி வேறு. ஒரே கட்டடத்தின், மிகுந்தால் அருகருகே உள்ள இரண்டின், இரவுத் தீப்பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று அதை அழைக்கலாம். மேற்பார்வையாளருக்கு உரிய ஊதியம். ஆனால் இருக்கை பேனலுக்கு அருகிலேயே. பம்பு அறைச் சாவி அவரிடம் இருக்கும். யாருடைய அனுமதியும் இன்றித் தீயணைப்புத் துறையை அழைக்கலாம் என்பதும், அந்த அழைப்பு பொய் எச்சரிக்கையாக முடிந்தாலும் அபராதமோ இடமாற்றமோ இல்லை என்பதும் பணிநியமன ஆணையிலேயே எழுதப்பட்டிருக்கும். திருகி ‘மேனுவல்’ பக்கம் இருப்பதாக அவர் ஏட்டில் எழுதினால், அதே நாளில் பராமரிப்பாளரும் சங்கச் செயலாளரும் அப்பக்கத்தில் பதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனையாகும். அப்போது பொறுப்பு, அதிகாரம் உள்ளவரிடம் போய்ச் சேரும். மற்ற இரண்டு காவலர்களுக்கும் வாரத்தில் ஒரு முறை பணி மாறும் வேளையில் அரை மணி நேரம் அவர் பயிற்சி தருவார், அந்த அரை மணிக்கும் ஊதியம் உண்டு.

செலவு கூடும் என்று சங்கத்தினர் முணுமுணுப்பர். எடுத்துக்காட்டுக் கட்டடத்தில் மாடிக்கு ஆறு வீடு என்றால் 84 வீடுகள். காவலருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையிலான ஊதிய வேறுபாடு மாதம் 5,000 ரூபாய் என்று வைத்தாலும் வீட்டுக்கு ஏறத்தாழ 60 ரூபாய் ஆகிறது. மூன்று பம்புகளையும் பேனலையும் நிறுவ அவர்கள் ஏற்கெனவே பல லட்சம் கொடுத்திருக்கிறார்கள், வீட்டு விலைக்குள் அடங்கியதால் அது கண்ணில் படவில்லை. ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்போது நிறுவனம் அனுப்பும் விலைப்பட்டியலில் இன்னொரு வரியைச் சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டியவர்கள் அவர்களே. நிறுவனம் தானாக அதைச் சேர்க்காது, ஏனெனில் போட்டி நிறுவனத்தின் பட்டியலில் அந்த வரி இருக்காது, தொகை குறைவாகத் தெரியும். காவலரைப் பொறுத்தவரை, வந்திருக்கும் அழைப்புக்கு உடனே தலையசைக்காமல் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்கலாம்: எத்தனை கட்டடங்கள், எத்தனை காவலர்கள், பம்பு அறைக்குள் எனக்கு என்ன அதிகாரம். முதலிரண்டுக்கும் விடை மாதிரி விதிகளின் எண்ணிக்கைக்குள் அடங்கினால் மூன்றாவதைப் பேசலாம். அடங்காவிட்டால், கூடுதல் ஊதியத்தோடு இருந்த இடத்திலேயே தொடர்வதாக எழுதிக் கொடுப்பது அவரால் செய்யக்கூடியதே. தீப்பாதுகாப்பு அறிந்த ஆளை இழக்கும் கட்டடம் எது என்பதைச் சங்கத்துக்குச் சொல்லும் கடமை அதன்பின் நிறுவனத்துடையது.